கூட்டக் குறிப்பு எழுதுபவன்

சென்ற ஆண்டு மார்ச்சில் நான் தட்டச்சு செய்த ஒரு வாக்கியம் இது: "சகோதரி அவர்கள் தமது குடும்ப நிலை சீராகும் வரை திருவிருந்தில் பங்கெடுக்காமல் இருக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்பட்டார்." முதலில் நான் எழுதியதில் "அன்போடு" இல்லை. குறிப்பைச் சரிபார்த்த மூப்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

நான் மூப்பர் இல்லை. எங்கள் சபையில் மூப்பர்கள் ஐந்து பேர், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் என்பதால் கூட்டக் குறிப்பு எழுத என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, நீ பேச வேணாம். எழுதினா போதும்" என்றார்கள். வசதியாகத்தான் இருந்தது.

அந்த அக்காவின் கணவர் எட்டு வருடங்களுக்கு முன் போனவர், திரும்பவில்லை. விவாகரத்து வழக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. இதற்கிடையில் அவர் வேறொருவருடன் ஒரே வீட்டில் இருக்கிறார். இது மூப்பர்கள் காதுக்குப் போனது. யார் கொண்டுபோனார்கள் என்பது குறிப்பில் இல்லை. கூட்டம் நாற்பது நிமிடம் நடந்தது. முடிவில் போதகர், "இது நாம கண்டுபிடிச்சது இல்ல, கால்வின் காலத்துலேர்ந்தே இதான் முறை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தேன். குவீன்ஸ்டவுனில் எங்கள் புளோக்கிலிருந்து நூலகம் நடக்கும் தூரம்தான். அங்கே ஆரம்பித்தது பிறகு இணையத்தில் எங்கெங்கோ போயிற்று. கால்வின் காலத்து முறை எது என்று பார்த்துவிடலாம் என்றிருந்தேன். பார்த்தால், அங்கேயும் ஒரு குறிப்பெழுத்தன் உட்கார்ந்திருந்தான்.

ஜெனீவா நகரம் 1541 நவம்பரில் திருச்சபைக்கான சட்டத் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் மூப்பர் மன்றம். வியாழக்கிழமைதோறும் கூடும். நகரத்துப் போதகர்களும் மூப்பர்கள் பன்னிரண்டு பேரும் அதில் இருந்தார்கள். நம் ஊர்களில் மூப்பர் என்றால் சபையார் தெரிந்தெடுக்கும் பெரியவர். ஜெனீவாவில் அந்தப் பன்னிரண்டு பேருமே நகர மன்றங்களின் உறுப்பினர்கள். ஊரை ஆண்ட சிறிய மன்றத்திலிருந்து இரண்டு பேர், அறுபதின்மர் மன்றத்திலிருந்து நான்கு பேர், இருநூற்றுவர் மன்றத்திலிருந்து ஆறு பேர். ஊரின் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கண் இருக்கும்படி பார்த்துத் தெரிந்தெடுக்க வேண்டும் என்று சட்டமே சொன்னது. மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் போதகர் இல்லை, நகரத் தலைவர்கள் நால்வரில் ஒருவர். ஆரம்ப வருடங்களில் அவர் தன் பதவிக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டே உட்காருவார். நான் நீதிபதியாகவா உட்கார்ந்திருக்கிறேன், மூப்பராகவா என்ற கேள்வி அந்தக் கோலிலேயே இருந்தது. 1560ல்தான், கோலை வெளியே வைத்துவிட்டு வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இருபது வருடங்கள் ஆகியிருக்கின்றன அதற்கு.

மன்றத்தின் குறிப்பேடுகள் 1542லிருந்து கிடைக்கின்றன. கையெழுத்து அவ்வளவு மோசம் என்பதால் நானூறு வருடங்களாக அநேகம் பேர் அவற்றை முழுதாகப் படிக்கவே இல்லை. போன நூற்றாண்டின் கடைசியில் ராபர்ட் கிங்டன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியரும் அவர் குழுவினரும் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் படித்து அச்சேற்றினார்கள். விபச்சாரம், சூதாட்டம், கொடூரத் தண்டனை என்று எதிர்பார்த்துத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் வருவது குடும்பச் சண்டை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. மாமியாரும் மருமகளும் தெருவில் கத்திக்கொண்டார்கள். ஒரு கிழவிக்குக் கர்த்தருடைய ஜெபம் பிரெஞ்சில் தெரியவில்லை, பழைய வழக்கத்தில் லத்தீனில் மரியாளிடம் வேண்டுகிறாள். அவர்களைக் கூப்பிட்டுக் கண்டித்து, கைகுலுக்க வைத்து, ஜெபத்தைக் கற்றுக்கொண்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். கட்டாயமாக வர வேண்டிய குடும்ப ஆலோசனை மையம் என்ற பொருளில் கிங்டன் அதைப் பார்த்தார். அது முழு உண்மையா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கூப்பிட்டால் வராமல் இருக்க முடியாத இடத்தை ஆலோசனை மையம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் மன்றத்தின் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்று பார்த்தால், ஆச்சரியமாக இருக்கும். சிறை இல்லை. அபராதம் இல்லை. கசையடி இல்லை. அதற்கெல்லாம் ஆளை நகர மன்றத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள்தான் முடிவு செய்வார்கள். மூப்பர் மன்றம் தானாகச் செய்யக்கூடியது இரண்டே இரண்டு: கண்டிப்பது, திருவிருந்திலிருந்து விலக்குவது. திருவிருந்து அங்கே வருடத்துக்கு நான்கு முறை. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே, செப்டம்பர் முதல் ஞாயிறு. அந்த அப்பத்தையும் கிண்ணத்தையும் கொடுக்காமல் நிறுத்துவதுதான் முழு ஆயுதமும்.

அந்த ஆயுதம் யாருடையது என்பதற்குத்தான் ஊரே இரண்டாகப் பிளந்தது. பிலிபேர் பெர்த்தலியே என்று ஒருவர். ஜெனீவாவின் சுதந்திரத்துக்காக 1519ல் தலை வெட்டப்பட்டவரின் மகன். அப்பா பெயர் ஊரில் தியாகி. மகன் வாய்த்துடுக்குக்காரர், கால்வினைப் பிடிக்காதவர், மூப்பர் மன்றம் அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கியது. அவர் நேரே நகர மன்றத்துக்குப் போனார். 1553 செப்டம்பர் முதல் தேதி, கால்வின் எதிர்த்தும் கேட்காமல், மனசாட்சி இடம் கொடுத்தால் அவர் போகலாம் என்று மன்றம் அனுமதித்தது. இரண்டு நாளில் ஞாயிறு, திருவிருந்து. கால்வின் புனித பேதுரு ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் நின்று, விலக்கப்பட்டவனுக்கு இந்தக் கையால் கொடுப்பதைவிடச் சாவேன் என்ற பொருளில் பேசினார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. பெர்த்தலியே வரவில்லை. அனுமதி கொடுத்த அதே மன்றம், முடிந்தால் இந்த முறை போகாதே என்று அவருக்கு இரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தது.

எந்த ஊர் நிர்வாகமும் இப்படித்தான் செய்யும் என்று தோன்றியது. எழுத்தில் ஒன்று, காதில் ஒன்று.

அந்த வருடமே நகர மன்றத்தின் பக்கம் தீர்ப்புச் சாய்ந்தது. 1555 ஜனவரியில் மூப்பர் மன்றத்தின் பக்கம் திரும்பியது. அந்த வருடம் பிரான்சிலிருந்து வந்த அகதிகள் பலருக்குக் குடியுரிமை கொடுக்கப்பட்டு வாக்கு விகிதமும் மாறியது, எதிர்க்கட்சியினர் மே மாதக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு ஓடினார்கள். கால்வினின் வாதம் வென்றது என்று சபைப் புத்தகங்கள் எழுதும். வாக்காளர் பட்டியலையும் சேர்த்து எழுத வேண்டும்.

இங்கே என் வேலைப் புத்தி குறுக்கே வந்தது. நான் குழாய்களோடும் வால்வுகளோடும் மல்லுக்கட்டுகிற பொறியாளன். ஒரு வால்வை மூடினால் ஏதாவது நடக்க வேண்டும் என்றால், குழாயில் முதலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெர்த்தலியேக்கு அந்த அப்பம் வேண்டியிருந்தது. பக்திக்காகவோ மானத்துக்காகவோ, வேண்டியிருந்தது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவனும் விலக்கப்பட்டவனை ஒரு மாதிரி பார்ப்பான். அதனால்தான் விலக்கு வலித்தது. யாருக்கும் அந்த அப்பம் வேண்டாம் என்ற ஊரில் இந்த மன்றம் என்ன செய்யும்?

அப்படி ஓர் ஊர் இருந்தது. என் அம்மம்மாவின் ஊர் அது.

1658ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களோடு பிலிப் பல்தேயஸ் என்ற போதகர் வந்தார். ஒல்லாந்தரின் சபையும் கால்வின் வழிச் சபைதான். மூப்பர்களும் மூப்பர் மன்றமும் கூடவே கப்பலேறி வந்தன. ஆனால் ஜெனீவாவில் பெரிய சண்டைக்குப் பிறகு முடிவான விஷயம் இங்கே சண்டையே இல்லாமல் எதிர்ப்பக்கம் முடிந்திருந்தது. போதகருக்குச் சம்பளம் கொடுத்தது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி. மூப்பர்களில் பலர் கம்பெனி அதிகாரிகள். சபை மன்றத்தில் அரசு சார்பில் ஒரு ஆணையர் உட்காருவார். கோலை வெளியே வைத்துவிட்டு வா என்று சொல்ல ஆளில்லை.

போர்த்துக்கேயர் கட்டிவிட்டுப் போன கத்தோலிக்கக் கோயில்கள் தீபகற்பத்தில் முப்பதுக்கு மேல் இருந்தன. தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, மானிப்பாய், உடுவில், சங்கானை, பண்டத்தரிப்பு என்று. ஒல்லாந்தர் அவற்றை எடுத்து ஒவ்வொன்றையும் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஆக்கினார்கள். பல்தேயஸ் 1672ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவற்றில் பலவற்றைப் படமாகவே போட்டிருக்கிறார். போதகர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தார்கள். ஆகவே அந்தந்த ஊரில் சபை என்றால் சட்டம்பியார்தான். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர், ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தைப் படிப்பவர், தோம்பு எழுதுபவர், எல்லாம் அவர்தான்.

தோம்பு என்றால் பதிவேடு. காணித் தோம்பு உண்டு, ஆள் தோம்பு உண்டு. பள்ளித் தோம்பில் ஞானஸ்நானமும் கலியாணமும் ஏறும். அதன் வேலை எப்படி நடந்தது என்று ஒருவனை வைத்துப் பார்க்கலாம். வட்டுக்கோட்டையில் ஒருவன் கலியாணம் கட்டப்போகிறான். சட்டம்பியாரிடம் போகிறான். அவர் தோம்பைப் புரட்டி அவனுக்கும் பெண்ணுக்கும் ஞானஸ்நானம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். கர்த்தருடைய ஜெபமும் விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் சொல்லச் சொல்கிறார். தட்டுத்தடுமாறிச் சொல்லிவிட்டால் மூன்று ஞாயிறு ஆலயத்தில் அறிவிப்பு. பிறகு போதகர் சுற்றுப்பயணம் வரும்போது கலியாணம், தோம்பில் ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால் கம்பெனியின் கண்ணில் அது கலியாணம் இல்லை. பிறக்கிற பிள்ளைக்கு முறைப்படி முதுசம் கிடைப்பதிலும் சிக்கல். ஞானஸ்நானம் இல்லாதவனுக்குக் கம்பெனியின் கீழ் உத்தியோகமும் இல்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் தகப்பனுக்கு அபராதம். போதகரும் கம்பெனி அதிகாரியும் சேர்ந்து வந்து தோம்பையும் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துப் போவார்கள். பள்ளிகளை மேற்பார்வை பார்த்த சபையிலும் இரு தரப்பும் உண்டு.

ஜெனீவாவில் மூப்பர் மன்றத்துக்கு இல்லாத எல்லாமே இங்கே இருந்தன. அபராதம், உத்தியோகம், முதுசம். இல்லாதது ஒன்றுதான், அப்பம். ஞானஸ்நானம் தாராளமாகக் கொடுத்த ஒல்லாந்தப் போதகர்கள், திருவிருந்துக்கு யாரையும் எளிதில் சேர்க்கவில்லை. விசுவாசத்தை அறிந்து அறிக்கை செய்தால்தான் சேர்ப்போம் என்று நின்றார்கள். ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் இப்படிப் பிரித்து வைக்கலாமா என்று கம்பெனியின் கிழக்கத்திய சபைகளில் நீண்ட சர்ச்சையே நடந்தது. விளைவு என்ன என்பதற்குச் சபை வரலாறுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கணக்கு இருக்கிறது. 1760ல் யாழ்ப்பாணத்தில் பதிவிலுள்ள கிறிஸ்தவர்கள் 1,82,226 பேர். அவர்களில் திருவிருந்து எடுத்தவர்கள் 64 பேர்.

இந்த எண்ணைப் படித்த இரவு வெகு நேரம் தூங்கவில்லை. ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் அறுபத்து நான்கு பேரைத்தான் ஒரு மூப்பர் மன்றம் தன் சொந்த ஆயுதத்தால் தொட முடியும். மற்றவர்களை விலக்குவதற்கு எதுவுமே இல்லை, அவர்கள் உள்ளே வந்ததே இல்லை. அதனால்தான் அத்தனை பாரமும் தோம்பின் மேல் ஏறியது. சபை ஒழுங்கு என்று பெயர், வேலை செய்தது பதிவு அலுவலகம்.

தோம்பை நிரப்புவது சுலபம், மனிதர்களைத் தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். 1687ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். சில்லாலையில் கத்தோலிக்கர்கள் அவரை ஒளித்து வைத்திருந்தார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பது கடுங்குற்றமாக இருந்த காலம். சைவர்களின் கதையை அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். விரத நாளில் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, இலையை வெளியே எறிந்தால் ஆள் கண்டுவிடும் என்று கூரை இறப்பில் செருகி வைப்பார்களாம். "ஒல்லாந்தன் காலத்தில எங்கட ஆக்கள் எல்லாம் வேதக்காரர் தான், இறப்பில கையை வைச்சுப் பார்த்தாத் தெரியும்" என்பார் அம்மம்மா, சிரித்துக்கொண்டே. அது போர்த்துக்கேயர் காலத்துக் கதை என்றும் சிலர் சொல்வதுண்டு. இறப்புக்கு எந்த ராஜாங்கம் என்று தெரியவா போகிறது?

1795ல் ஆங்கிலேயர் வந்தார்கள். கம்பெனி போனது, சம்பளம் போனது, அபராதம் போனது. தோம்பில் இருந்த அந்தப் பெரிய சபை கொஞ்ச காலத்தில் ஆவியாகிப்போனது. இருபது வருடத்துக்கு மேல் கழித்து 1816ல் அமெரிக்க மிஷனரிகள் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் போனபோது பழைய ஆலயங்களின் சுவர்கள்தான் மிச்சம் இருந்தன.

என் கேள்விக்கு இதெல்லாம் பதில் இல்லை என்று தெரியும். இங்கே யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. எங்கள் மூப்பர்கள் கையில் முதுசமும் இல்லை, உத்தியோகமும் இல்லை. கலியாணப் பதிவு அரசாங்கத்திடம் இருக்கிறது. அந்த அக்கா மூன்று எம்ஆர்டி நிலையம் தள்ளிப் போனால் வேறொரு சபை, அங்கே யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தோம்பின் பலம் எதுவும் இல்லாத மன்றம் இது. ஜெனீவா மன்றத்தின் அந்த ஒற்றை ஆயுதம் மட்டும்தான் பாக்கி.

ஜூனில் ஒரு சனிக்கிழமை அவரை எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் பார்த்தேன். அவர் அக்கம்பக்கத்தில் இல்லை, என்னைப் பார்க்கத்தான் வந்தார். கோப்பி ஓ வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் கேட்டார்.

"அன்னிக்கு நீயும் உள்ள இருந்தியா?"

"குறிப்பு எழுதினேன் அக்கா."

"ம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் வேற எடம் போலாம்டா. எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆனா எனக்கு வேணும். அதான் பிரச்சினையே. வேணாம்னா அவங்களால என்ன செய்ய முடியும்?" என்றார்.

வால்வைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்ததை அவர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். அந்த முழுச் சபையிலும் அந்த அப்பம் உண்மையாகவே வேண்டும் என்று கேட்கிற ஒருவரைப் பார்த்துத்தான் நாங்கள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். என்னை யாராவது விலக்கியிருந்தால் நான் கவனித்தே இருக்கமாட்டேன்.

"எப்ப வரைக்கும்னு எழுதின?" என்று கேட்டார்.

அவரிடம் கைபேசியில் காட்டினேன். சீராகும் வரை.

"கோர்ட்ல கேஸ் முடியறதா? இல்ல அவரு வீட்டை விட்டுப் போறதா? எது சீரு?"

எனக்குத் தெரியவில்லை. அந்த நாற்பது நிமிடத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுதினா போதும் என்றிருந்தேன். ஜெனீவாவின் குறிப்பேடு இந்த விஷயத்தில் எங்களுடையதைவிட நேர்மையானது. விலக்கப்பட்டவனை எதிரில் நிறுத்தி, அவன் என்ன பதில் சொன்னான் என்பதையும் எழுத்தன் எழுதி வைப்பான். அடுத்த திருவிருந்துக்கு முன் திரும்ப வா, பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியதாகப் பல இடத்தில் வருகிறது. அப்படி வந்தவர்கள் பெரும்பாலும் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுக்கு ஒரு தேதி இருந்தது, பேச ஒரு வாய்ப்பு இருந்தது. எங்கள் கூட்டத்துக்கு அந்த அக்காவைக் கூப்பிடவே இல்லை. அவருக்குப் போதகர் தொலைபேசியில்தான் சொன்னார்.

செப்டம்பர் கூட்டத்தில், பழைய குறிப்பை உறுதிசெய்யும் இடத்தில், முதல் முறையாக வாயைத் திறந்தேன். வாக்கியத்தில் மூன்று விஷயம் விட்டுப்போயிருக்கிறது என்றேன். எது நடந்தால் சீர், யார் போய் அவரைப் பார்ப்பது, எந்தத் தேதியில் மறுபடி பேசுவது. ஜெனீவா, யாழ்ப்பாணம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பார்கள்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் கொஞ்சம் சங்கடம். மூப்பர்களில் வயதானவர், "நல்ல கேள்விதான் தம்பி" என்றார். "அன்போடு" போடச் சொன்னவர் தன் கண்ணாடியைத் துடைத்தார். போதகர், அவரைக் கூப்பிட்டுப் பேசுவதாகவும் அடுத்த கூட்டத்தில் இதை எடுக்கலாம் என்றும் சொன்னார். அப்படியே எழுதினேன். அந்த வரிக்குக் கீழே, யாரும் கேட்காமலே, அக்டோபர் கூட்டத்தின் தேதியையும் போட்டேன். இந்த முறை யாரும் திருத்தவில்லை. அக்டோபரில் நேரம் போதவில்லை. நவம்பரில் கிறிஸ்துமஸ் ஏற்பாடுகள். ஒவ்வொரு முறையும் அடுத்த தேதியைப் போட்டுக்கொண்டு வருகிறேன்.

அவர் இன்னும் வருகிறார். மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி. மாதத்தின் முதல் ஞாயிறு அந்த வரிசை எழுந்து முன்னால் போகும்போது, முழங்காலை இழுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிடுவார். திரும்பி வரும்போதும்.